வெளிநாட்டில் இருந்துகொண்டு வீடு விற்கிறேன்: வரிப் பிடித்தத்தைக் குறைக்கும் சான்று வாங்குவது எப்படி?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். 2014இல் பத்திரச் செலவோடு 60 லட்சத்துக்கு வாங்கிய சென்னை ஃபிளாட்டை இப்போது 90 லட்சத்துக்கு விற்கப் பேசியிருக்கிறோம். வாங்குபவர் முழு விலைக்கும் டிடிஎஸ் பிடிப்பேன் என்கிறார். வரி அலுவலகத்தில் சான்று வாங்கினால் குறையுமாமே, எப்படி வாங்குவது?

பதில்: வாங்குபவர் சொல்வது சரிதான். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் லாபம் எவ்வளவு என்று பார்ப்பது வாங்குபவர் வேலை இல்லை. 90 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் என்று ஏறக்குறைய 12.87 லட்சம் பிடித்துவிடுவார். உங்கள் லாபமோ 30 லட்சம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு வரி 3.90 லட்சம்தான். மீதி ஒன்பது லட்சத்தை, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை மறந்துவிட வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கத்தான் குறைந்த பிடித்தச் சான்று. 1961 வருமான வரிச் சட்டத்தில் 197ஆம் பிரிவு, 2025 சட்டத்தில் 395. விண்ணப்பம் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான TRACES-இல். விற்பனை ஒப்பந்தம், 2014 பத்திரம், பணம் கட்டிய வங்கி ஆதாரம், லாபக் கணக்கு, முந்தைய ரிட்டர்ன்கள், வாங்குபவர் விவரம் இவற்றை வைக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஆவணத்தில் இல்லை, பான் கார்டில். ஊரில் இருந்தபோது வாங்கிய பான் இன்னும் வருமான வரித் துறையின் உள்ளூர் வார்டிலேயே கிடக்கும். சான்று தர வேண்டியது சர்வதேச வரிப் பிரிவு அதிகாரி. வருமான வரித் தளத்தில் Know Your AO பகுதியில் பாருங்கள். வார்டின் பெயரில் INT TAX என்பது போல ஏதும் இல்லையென்றால், பாஸ்போர்ட் நகல், விசா நகலோடு பழைய வார்டு அதிகாரிக்கு பானை மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். புரொஃபைலில் 'நான்-ரெசிடென்ட்' என்று திருத்தினால் மட்டும் பான் நகராது. பதில் வரவில்லையா, தளத்திலேயே குறைதீர்ப்பு மனு போடுங்கள். ஆடிட்டருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து நேரில் அனுப்பினால் இன்னும் வேகம். விலை பேசத் தொடங்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் போட்ட பிறகு வாரம் ஒருமுறையாவது TRACES தளத்தைத் திறந்து பாருங்கள். அதிகாரி கேள்வி கேட்டிருப்பார், நீங்கள் பார்க்காமலே கெடு போய்விடும். விண்ணப்பம் நிராகரிக்கப்படும் வழக்கமான காரணம் இதுதான். ஆவணம் முழுமையாக இருந்தால் ஒரு மாதம் என்பது துறை தனக்கு வைத்த கெடு. நீங்கள் இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

அப்புறம் அட்வான்ஸ். சான்று கையில் வந்த நாளுக்கு முன் வாங்கிய தொகைக்கு அது செல்லாது. அதற்கு முழு விகிதப் பிடித்தம்தான். ஆகவே இப்போதைக்குச் சிறு டோக்கனோடு நிறுத்துங்கள். பெரிய தொகை சான்றுக்குப் பின் வரட்டும். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சான்று வந்ததும் அதிலுள்ள வாங்குபவர் பெயர், தொகை வரம்பு, விகிதம் மூன்றையும் சரிபாருங்கள். பொதுவாக அது மார்ச் 31 வரைதான் செல்லும். பதிவு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.