ஜும்ஆ பயானில் பிற மதத்து அண்டை வீட்டார்

கேள்வி: ஜும்ஆவில் அண்டை வீட்டார் உரிமை பற்றிப் பேசும்போது இந்து, கிறிஸ்தவ வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா? இல்லை, மதநல்லிணக்கத்துக்காக இப்போது சேர்த்துக்கொண்டதா?

ஆரம்பத்திலிருந்தே சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அவ்வப்போது தமிழ் பயான் செய்கிறவன் என்பதால் இந்தத் தலைப்புக்கு எதை எடுப்பேன், எதை விடுவேன் என்று சொல்கிறேன்.

அடிப்படை குர்ஆனின் 4:36 வசனம். பெற்றோர், உறவினர், அனாதைகள், ஏழைகள் என்று வரும் வரிசையில் உறவான அண்டை வீட்டாரும் உறவல்லாத அண்டை வீட்டாரும் வருகிறார்கள். முஸ்லிமாக இருந்தால்தான் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அப்புறம் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள நபிமொழி: "அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் எனக்கு வலியுறுத்திக்கொண்டே இருந்தார், சொத்திலும் பங்கு கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்" என்றார்கள் நபி (ஸல்).

இதை நபித்தோழர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஒரு ஆடு அறுக்கிறார்கள். பணியாள் தோலை உரித்துக்கொண்டிருக்கிறார். "முடித்ததும் நம் யூத அண்டை வீட்டாரிலிருந்து கொடுக்க ஆரம்பி" என்கிறார் அப்துல்லாஹ். பக்கத்தில் இருந்த ஒருவர், "யூதருக்கா?" என்று கேட்கிறார். அதற்கு அவர் எடுத்துச் சொன்னது மேலே சொன்ன அதே ஜிப்ரீல் ஹதீஸைத்தான். அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளிலும் இந்தச் சம்பவம் உண்டு, அங்கே, "யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று அவர் விசாரிப்பதாக வருகிறது. அந்த ஹதீஸை நபியின் வாயிலிருந்து கேட்டவரே யூதரையும் அதில் அடக்கித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவைப்பட்டதில்லை.

ஆனால் மேடைகளில் அதிகம் கேட்பது வேறு கதை. நபி (ஸல்) போகும் வழியில் தினமும் ஒரு மூதாட்டி குப்பை கொட்டுவாள், ஒருநாள் குப்பை இல்லாததால் அவர்கள் நலம் விசாரிக்கப் போனார்கள் என்பார்கள். நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் அப்படி ஒரு சம்பவம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக நபியின் பெயரில் ஒன்றைச் சொல்லிவிட முடியாது. முஸ்லிம் உறவினருக்கு மூன்று உரிமை, முஸ்லிமுக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லும் அறிவிப்பும் பலவீனமானது. அதையும் நான் விட்டுவிடுவேன்.

பயானில் பாதிப் பேர் உணவு கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் தொந்தரவு தராமல் இருப்பதுதான் முதலில் வரவேண்டும். யாருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்பாக இல்லையோ அவர் இறைநம்பிக்கை கொண்டவரே அல்ல என்று நபி (ஸல்) மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னது புகாரியில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது நான் பள்ளிவாசலின் வாசலையே காட்டுவேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மேல் தெருவே பைக்காகிவிடும். ஒருவர் எதிர்வீட்டு கேட்டை அடைத்து வண்டியை நிறுத்தி, ஹேண்டிலையும் பூட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியிருந்தாலும் தொழுகை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் உரிமை பற்றிய பயானைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அந்த உரிமை வாசலில் மீறப்படுகிறது. அதனால் பயானைத் தொடங்கும் முன்பே, "கேட் முன்னால் வண்டி விட்டவர்கள் போய் எடுத்துவிட்டு வாருங்கள்" என்று மைக்கில் சொல்லிவிடுவேன். அரபுக் குத்பா தொடங்கிவிட்டால் பேசாமல் கேட்கவேண்டும், அதனால் சொல்வதற்கு அதுதான் நேரம்.

சரி, உணவுக்கு வருகிறேன். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி சொன்னது முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. நம் ஊரில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியில் கறி சேரும். சைவ வீட்டுக்கு அதைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தால் அவர்கள் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் சங்கடப்படுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது பழமோ கடையில் வாங்கிய இனிப்போ கொடுங்கள். குர்பானி இறைச்சியை முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கொடுப்பதில் மத்ஹபுகள் என்ற சட்டப் பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் தாராளமாகக் கொடுக்கலாம், ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் உங்கள் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெருநாள் அன்று வீட்டில் சமைக்கும் பிரியாணிக்காக வாங்கிய சாதாரண இறைச்சிக்கு இந்தக் கேள்வியே எழாது.