ஆவி ஏன் ஒரு கணம் தடுக்குகிறது?

கேள்வி: தேக்காவில் எங்கள் தே தாரிக் கடைக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டெலிகிராம் ஸ்டிக்கர் செய்கிறேன். 3 நொடி. கோப்பை ஆடுகிறது, மேலே ஆவி எழுகிறது. முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்குகிறது, ஆவியும் பாதியில் அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் தடுக்குகிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் உங்களிடம் இருப்பது 0 முதல் 89 வரை. 89 முடிந்த கையோடு 0 வரும். இரண்டும் ஒரே படமானால் அது இரண்டு மடங்கு நேரம் திரையில் நிற்கும். கோப்பை சாய்ந்து திரும்பும் இடத்தில் இது நடந்தால் அவ்வளவாகத் தெரியாது, அங்கே வேகம் குறைவு. நடுவே வேகமாகப் போகும்போது நடந்தால் கண் பிடித்துவிடும்.

3 நொடி காம்போசிஷனில் கர்சர் 89-க்கு மேல் போகாது. அதனால் பலரும் கடைசி கீஃப்ரேமை அங்கேயே வைத்துவிடுகிறார்கள். Ctrl+K அழுத்தி நீளத்தை 4 நொடியாக்குங்கள். முதல் கீஃப்ரேமின் நகலை 90-இல் ஒட்டிவிட்டு, நீளத்தை மறுபடி 3 நொடியாக்குங்கள். 90 ஏற்றுமதியாகாது, அதன் இடத்தில் 0 வந்து உட்காரும்.

கோப்பையின் ஆட்டத்துக்குக் கீஃப்ரேமே தேவையில்லை. Rotation-இல் இதை எழுதினால் போதும்:

```
T = 3;
6 * Math.sin(2 * Math.PI * time / T)
```

89-இல் கோணம் −0.4 பாகை, 0-இல் 0, 1-இல் 0.4. தாவல் சமமாக இருக்கிறது, ஆகவே வேகமும் மாறவில்லை. இரண்டு முறை ஆட வேண்டுமானால் `time`-ஐ 2-ஆல் பெருக்குங்கள். முழு எண்ணாகவே இருக்கட்டும், 1.5 போட்டால் கோப்பை இணைப்பில் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஆவி வேறு கதை. அது போன இடத்திலிருந்து திரும்பி வராது. ஒவ்வொரு இழையும் 60 ஃப்ரேமில் எழுந்து மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இழைகளை 0, 30, 60-இல் தொடங்குங்கள். மூன்றாவது 120 வரை போக வேண்டும், ஆனால் 90-இல் வெட்டுப்படுகிறது. நீங்கள் பார்க்கும் அறுப்பு இதுதான். அந்த லேயரை நகலெடுத்து 90 ஃப்ரேம் முன்னே தள்ளி, −30-இல் தொடங்க வையுங்கள். வெட்டுப்பட்ட மிச்சப் பாதி ஸ்டிக்கரின் தொடக்கத்தில் தொடரும்.

இழையை நெளியவைக்க `wiggle` போடாதீர்கள். நகல் லேயரில் அது வேறு விதமாக நெளியும், இணைப்பில் ஆவி குதிக்கும். மேலே சொன்ன சைன் வரியையே இழையின் Rotation-இலும் போடலாம்.

சரிபார்க்க, இந்தக் காம்போசிஷனை இன்னொன்றில் மூன்று முறை அடுத்தடுத்து வைத்து, இணைப்பின் மேல் Page Down அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகருங்கள். அதன் பிறகே ஏற்றுமதி செய்யுங்கள்: VP9 வெப்எம், நீளமான பக்கம் 512 பிக்சல், ஒலி இல்லாமல், 256 கேபிக்குள். அளவு மீறினால் ஏற்றுமதியில் பிட்ரேட்டைக் குறையுங்கள்.