கையில் வேலை இருக்கும்போதும் புது வாடிக்கையாளரைத் தேடுவது

கேள்வி: தனியாக ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். வேலை இருக்கும்போது புது ஆட்களுக்கு மெயில் அனுப்புவது நின்றுவிடுகிறது. வேலை முடிந்தால் அடுத்தது இல்லை. வாராவாரம் எப்படித் தொடர்வது?

ஆள் தேடுவதையும் மெயில் எழுதுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். நேரத்தைத் தின்பது தேடல்தான். நான் வெள்ளி மாலை, களைத்த பிறகு, அரை மணி நேரம் ஷீட்டில் பெயர்களை மட்டும் சேர்ப்பேன்: யார், அவர்களிடம் நான் கவனித்த ஒரு குறை, அடுத்து எழுத வேண்டிய தேதி. செவ்வாய் காலை ஒரு மணி நேரம் அனுப்புவதற்கு. முதலில் பதில் வராதவர்களுக்கு நினைவூட்டல், அப்புறம்தான் புதிதாக 5 பேர். இந்த வரிசை முக்கியம்.

ஏனென்றால் நெருக்கடி வாரத்தில் புதியவர்களை விட்டுவிடலாம், நினைவூட்டலை விடக் கூடாது. போன மாதம் ஒரு இணையதளத்தைப் புதன்கிழமை ஒப்படைக்க வேண்டியிருந்தது. செவ்வாயன்று 3 நினைவூட்டல் மட்டும் அனுப்பினேன். 15 நிமிடம்கூட ஆகவில்லை. அவர்களில் ஒருவருக்கு, ‘உங்கள் முன்பதிவுப் பக்கம் மொபைலில் பாதி மறைகிறது’ என்று முன்பே எழுதியிருந்தேன். இந்த முறை ‘எப்போது பேசலாம்?’ என்று கேட்டார்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உடனே போனில் பேச உட்கார்ந்தால் காசு கொடுத்தவரின் வேலை தள்ளிப்போகும். நான் வியாழன் மதியத்தில் பேச வசதியான இரண்டு நேரங்களைச் சொல்லி, வேலையை எந்தத் தேதியிலிருந்து தொடங்க முடியும் என்பதையும் அதே மெயிலில் எழுதிவிட்டேன். அவர் காத்திருந்தார்.

இருக்கும் வாடிக்கையாளர் ‘எப்போது தருவீர்கள்?’ என்று இரண்டாவது முறை கேட்டால், வாரம் புதிதாக 5 பேர் என்பது உங்களுக்கு அதிகம். 2 ஆக்குங்கள், செவ்வாயை மட்டும் மாற்றாதீர்கள்.