ஆதாரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பக்கத்தில் வர

"ரெண்டு போட்டோவையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கினேன். ரெண்டு பக்கமாத்தான் வருது, தளம் ஏற்கமாட்டேங்குது."

படங்களை வேர்டில் ஒரே ஏ4 பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, அதை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஸ்கேன் செயலிகள் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரு பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே சேர்த்தால் இரண்டு பக்கம்தான் வரும்.

1. மேசை தெரியாதபடி, அட்டையின் விளிம்பு வரை இரண்டு படத்தையும் வெட்டுங்கள்.
2. Insert > Pictures வழியாக இரண்டையும் சேர்த்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் 8.56 செ.மீ. ஆக்குங்கள். பிவிசி அட்டையின் நிஜ அளவு அதுதான். உயரம் தானாகச் சரியாகிவிடும்.
3. Save As > PDF கொடுக்கும்போது Standard தேர்வில் இருக்கட்டும். Minimum size போட்டால் பின்பக்க முகவரியின் பொடி எழுத்து கலங்கிவிடும்.

பிறகு கோப்பைத் திறந்து 200% பெரிதாக்கி முகவரியை வாசித்துப் பாருங்கள். உங்களால் வாசிக்க முடியாவிட்டால் சரிபார்ப்பவராலும் முடியாது.

தளம் சொல்லும் கேபி வரம்பைத் தாண்டினால் படங்களின் பிக்சலைக் குறைத்து மறுபடி சேமியுங்கள். படங்களைச் சேர்த்துத் தரும் முன்பின் தெரியாத இலவசத் தளங்களில் மட்டும் ஆதாரை ஏற்றவே ஏற்றாதீர்கள்.