90 விநாடி கட்சீனுக்கு எத்தனை மணி நேரம்? புரொடியூசருக்கு எழுத வேண்டிய மெயில்

கேள்வி: பெரம்பூரில் ஒரு சின்ன கேம் ஸ்டுடியோவில் மூன்று மாதமாக அனிமேஷன் லீட் ஆக இருக்கிறேன். அடுத்தது 90 விநாடி கட்சீன், அதாவது ஆட்டத்துக்கு நடுவில் ஓடும் கதைக் காட்சி. வியாசர்பாடி தெருமுனையில் ஒரு அக்காவும் 12 வயதுப் பையனும் பேசிக்கொண்டே கேரம் ஆடுகிறார்கள், மூன்று பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 18 ஷாட். உடல் அசைவுக்கு, நடிப்பவரின் அசைவை அப்படியே பதிவு செய்யும் மோஷன் கேப்சர். என்னிடம் இரண்டு அனிமேட்டர்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று புரொடியூசர் கேட்கிறார். போன தடவை 200 என்று சொல்லி 340-ல் முடித்தேன். இந்தத் தடவை எப்படிக் கணக்குப் போட்டு, என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த 90 என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். அது எடிட்டருக்கான கணக்கு. அனிமேட்டருக்கு வேண்டியது, ஒவ்வொரு பாத்திரமும் திரையில் எத்தனை விநாடி தெரிகிறது என்பது. ஸ்டோரிபோர்டை வைத்துக்கொண்டு 18 ஷாட்டையும் ஒரு ஷீட்டில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அக்கா எத்தனை விநாடி, பையன் எத்தனை விநாடி, யாருடைய முகம் தெரிகிறது, யாருடைய கை பலகை மேல் இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் போர்டை நான் பார்க்கவில்லை, அதனால் ஒரு பேச்சுக்கு அக்கா 68 விநாடி, பையன் 57 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 125. அதாவது 90 விநாடி என்று நினைத்து இறங்கினால், தொடங்கும்போதே 35 விநாடி வேலை கணக்கில் வரவில்லை.

வேகம் என்ன என்பதற்கு அடுத்த ஸ்டுடியோவைக் கேட்காதீர்கள். போன தடவை 340 மணி நேரத்தில் முடித்தீர்களே, அந்த ஷீட்தான் உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி. அதில் உடலுக்கு எவ்வளவு, முகத்துக்கு எவ்வளவு போனது என்று பிரித்தாலே உங்கள் ஆட்களின் வேகம் தெரிந்துவிடும். இங்கே நான் எடுத்துக்கொள்வது: உட்கார்ந்திருக்கும் பாத்திரத்தின் மோகேப்பைச் சுத்தம் செய்ய ஒரு ஆளுக்கு நாளுக்கு 10 விநாடி, கையால் முகம் போட நாளுக்கு 8 விநாடி. ஒரு நாள் என்பது 6 மணி நேரம். 8 மணி நேரம் ஆபீஸில் இருந்தாலும் மீட்டிங், எக்ஸ்போர்ட், ரிக் கோளாறு எல்லாம் போக 6-தான் கையில் நிற்கும். இந்த வேகத்தில் உடலுக்கு 75 மணி நேரம். முகம் தெரிவது 80 விநாடி என்றால் அதற்கு 60.

அடுத்தது விரல். இந்தக் காட்சியில் மணி நேரத்தை விழுங்கப்போவது அதுதான். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் காட்சி, ஓட்டமோ சண்டையோ இல்லை என்பதால் புரொடியூசருக்குச் சுலபமாகத் தெரியும். நம் பக்கத்து ஆட்கள் கேரம் பார்த்தே வளர்ந்தவர்கள், அவர்கள் கண் நேராக விரலுக்குத்தான் போகும். உடல் மோகேப்பில் விரல் பெரும்பாலும் வராது, வந்தாலும் இந்த அளவு நுணுக்கமாக நிற்காது. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, விரல் நுனியால் ஒரு மில்லி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளி, மணிக்கட்டை அசையாமல் நிறுத்தி, சுண்டுகிறார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓட்டத்தில் அந்தச் சுண்டல் இரண்டு ஃபிரேம்தான். அதற்கு முன்னால் கை நிலைத்து நிற்கும் இருபது ஃபிரேம் சரியாக இருந்தால்தான் அந்த இரண்டும் நம்பும்படி இருக்கும். விரல் தொடும் அதே ஃபிரேமில் ஸ்ட்ரைக்கர் கிளம்ப வேண்டும். ஒரு ஃபிரேம் முன்னால் கிளம்பினால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ உறுத்தும்.

காய்கள் சறுக்கிப் போவதை எஞ்சினின் பிசிக்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று டீமில் யாராவது சொல்வார்கள். பிசிக்ஸை நேரடியாக ஓடவிட்டால் ஒவ்வொரு தடவையும் காய் ஒரே இடத்தில் நிற்கும் என்று நம்ப முடியாது. கட்சீனில் ரெட் விழுந்தே ஆக வேண்டும், அடுத்த ஷாட்டில் மீதிக் காய்கள் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே கையால் போட வேண்டும், அல்லது ஒரு தடவை ஓட்டிப் பதிவு செய்து திருத்த வேண்டும். ஆறு அடிகள் என்றால், நெருக்கமாகக் காட்டும் இரண்டுக்குத் தலா 9 மணி நேரம், தள்ளி நின்று காட்டும் நான்குக்குத் தலா 4, காய்களின் பாதைக்கு மொத்தமாக 10. ஆக 44.

மற்றவை சின்னவை. கேமரா, லேஅவுட் 27. வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கையிருப்பில் உள்ள நிற்கும் அசைவுகளைப் போட்டு நேரம் மாற்றி விட 12. சீக்வென்சரில் ஏற்றிச் சரிபார்க்க 16. லீடாக நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரம் 16. உங்கள் நேரத்தையும் எழுதுங்கள், அது இலவசம் இல்லை.

திருத்தச் சுற்றையும் விடாதீர்கள். 200 என்று சொல்லி 340-ல் முடிகிறவர்களிடம் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான். உடல், முகம், விரல் மூன்றும் சேர்ந்து 179. முதல் சுற்றுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவது சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று 54 வையுங்கள். எல்லாம் சேர்ந்து 304.

இனி அனுமானங்கள். “கேமரா இறுதியானது, வசனம் இறுதியானது” என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது படிப்பவருக்கு வெறும் சம்பிரதாயமாகத் தெரியும். ஒவ்வொரு அனுமானத்துக்கும் பக்கத்தில், அது மாறினால் எத்தனை மணி நேரம் கூடும் என்று எழுதுங்கள். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் வசனம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் முகம் போட்டு முடித்தோம். பிறகு குரல் கொடுத்தவரை மாற்றி 11 வரிகளைத் திரும்பப் பதிவு செய்தார்கள். உதடு மட்டுமா மாறும்? புதியவர் நிறுத்தும் இடம் வேறு என்பதால் தலையாட்டலும் மூச்சும் கூட மாறின. ஒரு வரிக்கு 4 மணி நேரம் என்று அன்றைக்கே எழுதி வைத்திருந்தால், பதிவு செய்வதற்கு முன்னால் ஒருவராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

உங்கள் காட்சிக்கே உரிய அனுமானம் ஒன்று இருக்கிறது: பலகையின் உயரம். கேப்சர் நாளில் கிடைத்த மேஜையை வைத்து நடிக்கவிட்டு, கேமில் பலகை ஒரு டிரம் மேல் இரண்டு அங்குலம் உயரமாக இருந்தால், கை எல்லா ஷாட்டிலும் மரத்துக்குள் போகும். பையனுக்கு ஒரு பெரியவர் நடித்தால் இன்னும் மோசம், கை நீளமே வேறு. கேப்சருக்கு முன் மாடலரிடம் உயரத்தை வாங்கி அதே அளவில் பலகை வையுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் மெயில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் மேடம். கேரம் கட்சீனுக்கு என் கணக்கு 304 மணி நேரம். 300-க்கும் 360-க்கும் நடுவில் முடியும். அதில் நான் பார்க்கும் 16 மணி நேரம் போக, இரண்டு அனிமேட்டர்கள், ஆளுக்கு நாளுக்கு 6 மணி நேரம் என்று வைத்தால் 24 முதல் 29 வேலை நாள். ஷாட் வாரியாகப் பிரித்த ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

கீழே உள்ளவை சரியாக இருந்தால்தான் இந்த எண் நிற்கும்.

18 ஷாட்டின் கேமராவுக்கும் டைரக்டர் ஒப்புதல் கிடைத்த பிறகே அனிமேஷன் தொடங்கும். தள்ளி இருக்கும் அடியை நெருக்க ஷாட்டாக மாற்றினால் ஒன்றுக்கு 5 மணி நேரம் கூடும்.

குரல் பதிவு முடிந்துவிட்டது. மாறும் ஒவ்வொரு வரிக்கும் 4 மணி நேரம்.

கேப்சரில் பலகையின் உயரம் மாடலில் உள்ளதேதான். இல்லையென்றால் கை தொடும் எல்லா ஷாட்டையும் திருத்த 20 மணி நேரம்.

ஆட்டத்திலிருந்து கட்சீனுக்குத் திரை இருண்டு மாறுகிறது. வெட்டில்லாமல் ஓட வேண்டுமானால் 10 மணி நேரம்.

திருத்தம் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்புகள் ஒரே தடவையாக, ஒருவரிடமிருந்து வரும்.

துணி, முடி, லைட்டிங், ஒலி இதில் இல்லை.

நான்கு ஷாட் முடிந்ததும், எடுத்த நேரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.”

அந்தக் கடைசி வரியை வெறும் பேச்சாக விட்டுவிடாதீர்கள். முதல் நான்கு ஷாட்டில் ஒன்று கட்டாயம் நெருக்க ஷாட்டாக இருக்கட்டும். அது 9-க்குப் பதில் 14 எடுத்தால், மற்றதுக்கும் அதே ஆகும் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சொல்லுங்கள். நான்காவது வாரத்தில் சொன்னால் அவரால் தேதியைத் தள்ளவும் முடியாது, ஆள் கேட்கவும் முடியாது. குறிப்புகளின் தன்மையையும் கவனியுங்கள். “முழங்கை குத்துகிறது” என்பது திருத்தம். “பையன் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் என்ன?” என்பது புதுக் காட்சி. அப்படி ஒன்று வந்த அன்றே தனியாக மணி நேரம் போட்டு அனுப்புங்கள்.

270-க்குள் முடிக்க முடியுமா என்று அவர் கேட்கலாம். “முயற்சி செய்கிறோம்” என்று பதில் போட வேண்டாம். வேகத்தைத் தொடாமல் படத்தைக் குறையுங்கள். பையன் பேசும் இடத்தில் 16 விநாடி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் முகத்தில் 12 மணி நேரம் மிச்சம். வேடிக்கை பார்ப்பவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளி, சத்தம் மட்டும் கேட்கவிட்டால் இன்னும் 12. இரண்டு நெருக்க அடிகளில் ஒன்றைத் தள்ளி எடுத்தால் 5. திருத்தத்திலும் சில மணி நேரம் குறைந்து 270-ஐ ஒட்டி வந்துவிடும். எந்த நெருக்க ஷாட்டைக் கொடுப்பது என்று கேட்டால், ரெட் விழுவதைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். ஃபாலோ போடும் அடியில் கேமரா விரலிடம் இருக்கட்டும். ரெட் விழுந்ததும் தெருவே கத்தும், ஆனால் ஃபாலோ விழாவிட்டால் ரெட் திரும்பப் பலகைக்கு வந்துவிடும் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். அந்த 9 மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.