ரிவ்யூ மீட்டிங் அழைப்பை எப்படி எழுதுவது?

"'நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்'னு ரிவ்யூவுக்காக என் டீம்ல ஒருத்தருக்கு மெயில் போட்டேன். வேலை போயிடுமோன்னு பயந்துட்டாராம். எப்படி எழுதணும்?"

காரணம் சொல்லாததுதான் பயமுறுத்தியிருக்கிறது. மெயில் தலைப்பிலேயே 'அரையாண்டு ரிவ்யூ, வியாழன் காலை 11 மணி' என்று போட்டுவிடுங்கள். உள்ளே:

"வணக்கம். ஏப்ரல்–செப்டம்பர் ரிவ்யூவுக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். டீமில் எல்லோருக்கும் இந்த வாரம் நடக்கிறது. முடித்த வேலைகள், சிக்கல்கள், அடுத்த ஆறு மாத இலக்குகள் பற்றிப் பேசலாம். நேரம் ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள்."

'எல்லோருக்கும்' என்பது உண்மையானால் மட்டும் எழுதுங்கள். பக்கத்து சீட்டில் விசாரித்தாலே தெரிந்துவிடும். திங்கள் காலையே அனுப்புங்கள். வெள்ளி மாலை அனுப்பினால் சனி, ஞாயிறு முழுக்க அதே நினைப்பாக இருப்பார். எச்.ஆரை சிசியில் சேர்த்தால் ஏதோ நடவடிக்கை என்றே படும். குறை சொல்ல வேண்டியிருந்தால் 'கவலை வேண்டாம்' என்று எழுதவே எழுதாதீர்கள். அடுத்த முறை உங்கள் மெயிலை நம்பமாட்டார்.