பி.எஃப்-பில் கம்பெனி கட்டும் பங்கு: ஒரே சம்பளம், இரண்டு கணக்கு ஏன்?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை. எனக்கும் என்கூடச் சேர்ந்த நண்பனுக்கும் பேசிக் 22,000தான். பாஸ்புக்கில் அவனுக்கு கம்பெனி பங்கு 2,640 ஏறுகிறது, எனக்கு 1,390 மட்டும். நான் இதற்கு முன் 2017லிருந்து பாண்டி மேட்டுப்பாளையத்தில் 13,000 சம்பளத்தில் இருந்தேன். அவனுக்கு இதுதான் முதல் வேலை. எனக்கு மட்டும் குறைத்துக் கட்டுகிறார்களா?

பதில்:

குறையவில்லை. பாஸ்புக்கில் அதே மாதத்து வரியில் இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் போய்ப் பாருங்கள். பென்ஷன் என்ற கட்டத்தில் 1,250 இருக்கும். 1,390ஐயும் 1,250ஐயும் கூட்டினால் 2,640. உங்கள் நண்பருக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருக்கும். கம்பெனி இருவருக்கும் கட்டுவது ஒரே தொகைதான். உங்களுக்கு அது இரண்டு கணக்காகப் பிரிகிறது, அவருக்குப் பிரியவில்லை.

பிரிப்பது எப்படி என்று பார்ப்போம். பேசிக்கும் டிஏவும் சேர்ந்த சம்பளத்தில் உங்களிடம் பிடிக்கிற 12% அப்படியே உங்கள் பி.எஃப் கணக்குக்குப் போகும். கம்பெனி போடுகிற 12%-இல் 8.33% பென்ஷன் கணக்குக்கு. ஆனால் இந்த 8.33%-ஐ முழுச் சம்பளத்துக்கும் போடுவதில்லை, மாதம் 15,000 வரைக்கும்தான். 2014 செப்டம்பர் 1 முதல் இதுதான் உச்சவரம்பு, அதற்கு முன் 6,500ஆக இருந்தது. 15,000-இல் 8.33% என்றால் 1,249.50, அதை 1,250 என்று முழுமையாக்கிவிடுவார்கள். மீதி எவ்வளவோ அது கம்பெனி பங்காக உங்கள் பி.எஃப்-பில் ஏறும்.

"கம்பெனி பங்கு 3.67%" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். அந்த விகிதம் 15,000 வரை சம்பளம் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். பாண்டியில் 13,000 வாங்கியபோது உங்கள் பங்கு 1,560, பென்ஷனுக்கு 1,083, கம்பெனி பங்கு 477 என்று ஏறியிருக்கும். இப்போது 22,000-இல் பென்ஷனுக்குப் போவது கணக்குப் பார்த்தால் 5.68%தான், பி.எஃப்-புக்கு 6.32% வருகிறது. 15,000ஐத் தாண்டிய பிறகு சம்பளம் எவ்வளவு ஏறினாலும் பென்ஷன் கட்டம் அசையாது. நாளைக்கு பேசிக் 24,000 ஆனால் உங்கள் பங்கு 2,880, கம்பெனி பங்கு 1,630, பென்ஷன் அதே 1,250.

ஒரு மாதம் 1,250 குறைந்து வந்தால் உடனே பதற வேண்டாம். அந்த மாதம் சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் என்று பாருங்கள். 30 நாள் மாதத்தில் 5 நாள் போனால் சம்பளம் 18,333, இன்னமும் 15,000க்கு மேல்தான் இருக்கிறது, ஆகவே பென்ஷன் 1,250 அப்படியே நிற்கும். வெட்டு முழுக்க பி.எஃப்-பில் விழும். 10 நாள் போனால் சம்பளம் 14,667. அப்போதுதான் பென்ஷன் 1,222 ஆகக் குறையும், கம்பெனி பங்கு 538 ஆகும்.

சரி, நண்பருக்கு ஏன் பிரியவில்லை? 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்-பில் சேருகிறவருக்கு, சேரும் அன்றே சம்பளம் 15,000க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் இடம் கிடையாது. கம்பெனியின் 12% முழுவதும் பி.எஃப்-புக்கே போகவேண்டும். நீங்கள் 2017-இல் 13,000 சம்பளத்தில் சேர்ந்ததால் அப்போதே பென்ஷன் உறுப்பினர் ஆகிவிட்டீர்கள். அதன்பின் சம்பளம் 15,000ஐத் தாண்டினாலும், கம்பெனி மாறினாலும் உறுப்பினராகவே தொடர்வீர்கள். பார்க்கவேண்டியது உள்ளே நுழைந்த நாளின் சம்பளத்தை, இன்றைய சம்பளத்தை இல்லை. "எனக்குப் பென்ஷன் வேண்டாம், முழுதையும் பி.எஃப்-பிலேயே போடுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை. தகுதி இருந்தால் கட்டாயம், இல்லாவிட்டால் வேண்டினாலும் கிடைக்காது.

கம்பெனி மாதாமாதம் ஏற்றும் ஈசிஆர் ஃபைலில் ஆளுக்கு ஒரு வரி இருக்கும். மொத்தச் சம்பளம் 27,000 என்று வைத்துக்கொண்டால் உங்கள் இருவரின் வரியும் இப்படி இருக்கவேண்டும்:

```
UAN#~#NAME#~#27000#~#22000#~#15000#~#15000#~#2640#~#1250#~#1390#~#0#~#0
UAN#~#NAME#~#27000#~#22000#~#0#~#15000#~#2640#~#0#~#2640#~#0#~#0
```

பெயருக்கு அடுத்து வருவது மொத்தச் சம்பளம், பிறகு பி.எஃப் சம்பளம், பென்ஷன் சம்பளம், இன்ஷூரன்ஸ் சம்பளம். மேல் வரியில் 15000ஆக இருக்கும் பென்ஷன் சம்பளம் கீழ் வரியில் 0. இன்ஷூரன்ஸுக்கு இருவருக்கும் 15000தான், பென்ஷன் இல்லாதவருக்கும் அது உண்டு. அடுத்த மூன்றும் உங்கள் பங்கு, பென்ஷன் தொகை, கம்பெனி பங்கு. கடைசி இரண்டு, சம்பளமில்லாத நாட்களும் திருப்பிக் கட்டிய அட்வான்ஸும். பெரும்பாலான தவறுகள் அந்தப் பென்ஷன் சம்பளம் என்ற ஒரு இடத்தில்தான் நடக்கின்றன.

உங்களைப் போன்றவருக்கு நடக்கும் தவறு: புதுக் கம்பெனியில் சேரும்போது படிவம் 11-இல் "இதற்கு முன் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரா" என்ற கேள்விக்குக் கவனிக்காமல் இல்லை என்று டிக் அடித்துவிடுவது, அல்லது பழைய யூஏஎன் நம்பரைக் கொடுக்காமல் புதிதாக இன்னொன்று எடுத்துவிடுவது. ஹெச்.ஆர் பார்வையில் நீங்கள் 22,000 சம்பளத்தில் வந்த புது ஆள். பென்ஷன் சம்பளத்தில் 0 போட்டுவிடுவார்கள். பி.எஃப் கூடுதலாக ஏறுவதால் யாரும் புகார் செய்யமாட்டார்கள், பென்ஷன் சர்வீஸ் மட்டும் சத்தமில்லாமல் நின்றிருக்கும். நீங்கள் சொன்ன 1,390ஐப் பார்த்தால் உங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

நண்பருக்கு நடக்கக்கூடியது இதற்கு நேர் எதிர். சாஃப்ட்வேர் எல்லோருக்கும் பொதுவாக 1,250ஐப் பிரித்துவிடும். வருடக்கணக்கில் தெரியாது. வேலையை விட்டு கிளெய்ம் போடும்போதோ, பி.எஃப்-பை மாற்றும்போதோ "பென்ஷனுக்குத் தகுதி இல்லாதவருக்குக் கட்டப்பட்டுள்ளது" என்று நிற்கும். அவருக்கு இப்போது பூஜ்யம் வருவது சரியானது. ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்: படிக்கும்போதோ, படித்து முடித்ததுமோ எங்காவது காண்ட்ராக்டில் சில மாதம் வேலை செய்து, அங்கே 15,000க்குள் சம்பளத்தில் பி.எஃப் பிடித்தார்களா? அப்படி இருந்து, அந்தப் பென்ஷன் பணத்தை அவர் எடுக்காமல் விட்டிருந்தால் அவரும் பழைய உறுப்பினர்தான், அவருடைய பூஜ்யம்தான் தவறு.

பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் கதை மாறும். படிவம் 10சி போட்டு அதை எடுத்துவிட்ட ஒருவர் பிறகு 15,000க்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தால், பென்ஷனைப் பொறுத்தவரை புதியவராகத்தான் கணக்கு. அதாவது தகுதி இல்லை. வேலை மாறும் இடைவெளியில் "இருக்கிற பணத்தை எடுத்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் துடைத்து எடுப்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

நீங்கள் சரிபார்க்க இரண்டு இடம் போதும். உறுப்பினர் போர்ட்டலில் View > Service History திறந்தால் ஒவ்வொரு கம்பெனிக்கும் பி.எஃப்-பில் சேர்ந்த தேதி DOJ EPF என்றும், பென்ஷன் திட்டத்தில் சேர்ந்த தேதி DOJ EPS என்றும் தனித்தனியாக இருக்கும். பாண்டி கம்பெனி, கடலூர் கம்பெனி இரண்டுக்கும் DOJ EPS-இல் தேதி இருக்கவேண்டும். நண்பருக்கு அங்கே தேதி இருக்கக்கூடாது. அடுத்து பாஸ்புக்கில் பென்ஷன் சம்பளம் 15,000 என்று வருகிறதா என்று பாருங்கள். பாண்டி யூனியன் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு என்பதால் எதுவும் மாறாது, யூஏஎன் ஒன்றுதான்.

தவறு இருந்தால் நீங்களாகப் போர்ட்டலில் திருத்த முடியாது. யூஏஎன், பழைய மெம்பர் ஐடி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற விவரத்தோடு கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். கம்பெனி பி.எஃப் அலுவலகத்துக்கு எழுதவேண்டும், அவர்கள்தான் ஒரு கணக்கிலிருந்து மற்றதுக்குத் தொகையை மாற்றுவார்கள். கம்பெனி அசையாவிட்டால் epfigms.gov.in-இல் புகார் பதியலாம். கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியேறிய பின் பழைய ஹெச்.ஆரிடம் கையெழுத்து வாங்குவது தனி வேலை.

இந்த 1,250 நஷ்டமா என்றும் மனதில் ஓடும். பென்ஷன் கட்டத்தில் ஏறுவதற்கு வட்டி கிடையாது. அது உங்கள் பெயரில் வளரும் சேமிப்பும் இல்லை. பென்ஷன் வருவது ஃபார்முலாவில்: கடைசி 60 மாதத்தின் சராசரிச் சம்பளம் (அதிகபட்சம் 15,000) × சர்வீஸ் வருடம் ÷ 70. 15 வருடம் சர்வீஸ் என்றால் 15,000 × 15 ÷ 70, மாதம் 3,214. கட்டிய தொகை இதில் எங்கும் வரவில்லை, வருடங்கள்தான் வருகின்றன. அதனால்தான் DOJ EPS தேதியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கட்டும் "ஹையர் பென்ஷன்" வசதி 2014 செப்டம்பருக்கு முன்பே உறுப்பினராக இருந்தவர்களுக்கானது, 2017-இல் சேர்ந்த உங்களுக்கு இல்லை.

10 வருடம் முடிவதற்குள் வேலையை விட்டால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கலாம், ஒரு வருட சர்வீஸுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் வரும். 10 வருடம் ஆனபின் அப்படி எடுக்க முடியாது, 58 வயதில் மாதப் பென்ஷன்தான். 2017லிருந்து இடைவெளி இல்லாமல் இருந்தால் அந்த 10க்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இந்த நேரத்தில் 10சி போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்கவேண்டாம்.

பாண்டி கணக்கைக் கடலூருக்கு மாற்றிய பிறகு புது பாஸ்புக்கில் பழைய பங்குகள் இரண்டும் வந்திருக்கும், பென்ஷன் கட்டத்தில் மட்டும் 0 என்றிருக்கும். பணம் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பென்ஷனில் தொகை இடம் மாறுவதில்லை, சர்வீஸ்தான் மாறுகிறது.